மேசைப் படத்தில் சேர்த்த பீங்கான்கள் மிதக்கின்றன: உதவி தேவை

நல்லூர்ச் சமையல்காரி:
எங்கள் விருந்துச் சேவையின் விளம்பரப் பிரசுரத்துக்கு எடுத்த படம். மேசையில் நான்கு பேருக்குத்தான் பீங்கான் வைத்திருந்தோம். விலைப்பட்டியலோ ஆறு பேருக்கு. யன்னல் இடப்பக்கம். முன்வரிசைப் புட்டுப் பீங்கானை வெட்டி, சிறிதாக்கி, பின்வரிசையில் இரண்டு இடத்தில் ஒட்டினேன். போட்டோஷொப்பில் Drop Shadow போட்டும் இரண்டும் விரிப்புக்கு மேலே மிதக்கின்றன. தண்ணீர்க் கிளாஸ் இரண்டும் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கொக்குவில் தம்பி:
அக்கா, Drop Shadow-வை எடுத்துவிடுங்கள். உண்மையான பீங்கானின் நிழலிலிருந்து நிறத்தை எடுத்து, Multiply லேயரில் மென்மையான தூரிகையால் தீட்டினால் போதும்.

சாவகச்சேரி:
நாங்கள் வாழையிலைப் பந்தியில் இலைகளைக் கூட்டினோம். நிழல் தொல்லையே வரவில்லை. நீங்களும் இலைக்கு மாறலாமே?

சுன்னாகம் அச்சுக்காரன்:
இலை மேசையோடு ஒட்டிக் கிடப்பது, அதனால்தான் தொல்லை இல்லை. பீங்கானுக்கு விளிம்பு உயர்ந்திருக்கிறது.

தம்பி சொன்னதில் பாதி சரி. எடுத்த நிறத்தில் விரிப்பின் நிறமும் கலந்திருக்கிறது. Multiply அதை இரண்டாம் முறை பெருக்கிவிடும். விரிப்பின் வெளிச்ச அளவு 230, நிழலினது 170 என்றால் தம்பியின் வழியில் 153 வரும், கறை போலத் தெரியும். 170-ஐ 230-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள், 188 வரும். அந்தச் சாம்பல் நிறத்தால் தீட்டினால் 170-இல் நிற்கும். நிழலையும் இரண்டாகப் போடுங்கள்: பீங்கானின் அடி விரிப்பைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய கருங்கோடு, வலப்பக்கம் போகப்போக மங்கும் அகலமான நிழல். மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கோடு இல்லாததுதான்.

இன்னொன்று. முன்பீங்கானின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள்.

நல்லூர்ச் சமையல்காரி:
முன்னாலுள்ளது அகலம் 640, உயரம் 320. பின்னால் ஏற்கனவே இருந்தது 450, 171.

சுன்னாகம் அச்சுக்காரன்:
அதுதான். தூரம் போகப்போக வட்டம் தட்டையாகும். பாதியாக இருந்த உயரம் பின்னால் 38 வீதமாகிவிட்டது. நீங்கள் சிறிதாக்கியபோது அது பாதியாகவே நின்றதால் பீங்கான் எங்களை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. வெறும் பீங்கானைத் தட்டையாக்கலாம்; புட்டுக் குவியலை அமுக்கினால் நசுங்கினதுபோல் இருக்கும். முன்னாலிருந்து எடுக்காமல் பின்வரிசைப் பீங்கானையே நகலெடுங்கள். குழம்பு வடிந்த தடத்தை மாற்றிவிடுங்கள், இரட்டைப்பிள்ளை என்று தெரியக்கூடாது.

கிளாஸை வெட்டி ஒட்டாதீர்கள். அதனூடே பழைய இடத்து விரிப்பு தெரியும், அதன் நிழலுக்குள் வெளிச்சப் புள்ளியும் இருக்கும். அதே மேசையில் அதே நேரம் கிளாஸை வைத்து மறுபடி எடுப்பதே வழி.

நல்லூர்ச் சமையல்காரி:
பீங்கான்கள் இறங்கி உட்கார்ந்துவிட்டன. புட்டை வேறு பக்கம் திருப்பி வைத்தேன், ஆனால் ஒரே தேங்காய்ப்பூத் துணுக்கு இரண்டிலும் இருக்கிறது, அதை அழிக்க வேண்டும். கிளாஸுக்குத்தான் வழியில்லை: அந்த மேசை வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதே விரிப்பு வீட்டில் இருக்கிறது. வேறு மேசையில் விரித்து எடுத்தால் பொருந்துமா?

கொக்குவில் தம்பி:
வீட்டில் யன்னல் எந்தப் பக்கம், அக்கா?