புரொப்பல்லரைச் சமன்செய்த பிறகும் அதிர்வு போகவில்லை, பேரிங் காரணமா?

கேள்வி (கானாடுகாத்தான்)
பழைய வீடுகளின் ஓட்டுக்கூரையைப் படம் எடுக்க நான்கு மோட்டார் ட்ரோன் வைத்திருக்கிறேன். 2212 மோட்டார், 10 அங்குல புரொப்பல்லர், ஆர்டுபைலட் மென்பொருள். ஒரு மாதமாக வீடியோவில் தூண்கள் நெளிகின்றன. லாகில் மேல்கீழ் அதிர்வைக் காட்டும் VibeZ முன்பு 20க்குள் இருந்தது, இப்போது 45. புது புரொப்பல்லர் போட்டேன். காந்த பேலன்சரில் வைத்து, லேசான இறக்கையில் செல்லோடேப் ஒட்டிச் சமன்செய்தேன். 38க்கு வந்து நின்றுவிட்டது. இறக்குவதெல்லாம் செம்மண் தரையில்தான்.

பதில் (காரைக்குடி)
பேரிங்கில் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ட்ரோலருக்கு அடியில் மெத்தென்ற டேப் ஒட்டுங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

பதில் (தேவகோட்டை)
எனக்கும் இதே தொல்லை. ட்ரோன் தானாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, காம்பஸை மறுபடி அளவீடு செய்ததும் நின்றது.

பதில் (திருப்பத்தூர், மோட்டார் பழுது பார்ப்பவர்)
தேவகோட்டைக்காரர் சொல்வது வேறு கோளாறு. ஆயில் விட்டால் சத்தம் அடங்கும், ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரையும், தூசியும் ஒட்டும். நாலு தடவை பறந்தால் பழையபடி ஆகிவிடும். டேப் அதிர்வை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

தம்பி, இறக்கைகளைப் படுக்கை நிலையில் மட்டும்தான் பார்த்தீர்களா? செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக்குமிழின் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

அப்புறம் பேட்டரியையும் புரொப்பல்லரையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். காந்தத்தின் தடக் தடக் சீராக வரும், அது இயல்பு. இடையில் மணல் அரைப்பதுபோல ஒழுங்கில்லாமல் உரசினால் பேரிங். மேலே சுற்றும் மூடியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலும் பேரிங்தான் சந்தேகம்.

பிறகு பேட்டரியை மட்டும் மாட்டி, புரொப்பல்லர் இல்லாமலே Mission Planner-இல் Motor Test கொடுத்து, ஒன்றொன்றாக ஓடவிட்டு, அந்த மோட்டாரைத் தாங்கும் ட்ரோன் கையைத் தொட்டுப் பாருங்கள். A முன் வலது, B பின் வலது, C பின் இடது, D முன் இடது. C என்றால் மூன்றாம் மோட்டார் என்று நினைக்காதீர்கள், அது ஆர்டுபைலட்டில் 2. சுமை இல்லாதபோது லேசான தேய்மானம் தெரியாமலும் போகலாம்.

கேட்டவர்
அண்ணே, இரண்டு புரொப்பல்லரில் குமிழ் சாய்ந்தது, பசை வைத்தேன். C-இல் கரகரப்பு நன்றாகவே தெரிந்தது. பேரிங்கை நானே மாற்றலாமா?

பதில் (திருப்பத்தூர்)
மாற்றலாம். தண்டின் அடியிலுள்ள கிளிப்பை எடுத்தால் மூடி வெளியே வரும். ஒரு மோட்டாரில் இரண்டு பேரிங் இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். புதியதை உள்ளே தள்ளும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் பதித்து, புதுசே கரகரக்கும்.

கேட்டவர்
மாற்றிவிட்டேன். VibeZ 22. தூண் நேராக நிற்கிறது. ஆனால் முன்பின் அதிர்வைக் காட்டும் VibeX மட்டும் 29-லேயே இருக்கிறது.

பதில் (திருப்பத்தூர்)
30க்குள் இருப்பதால் பறக்கலாம். ஆனாலும் C-இன் தண்டு லேசாக வளைந்திருக்கலாம். மூடி ஓடும்போது அதன் விளிம்பு தள்ளாடுகிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்.