78 வயது அம்மாவின் முடி தோளுக்குக் கீழே இறங்குவதில்லை: வளரவில்லையா, உடைகிறதா?

கேள்வி – ரங்கூனிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் தாயாருக்கு 78 வயது. இளமையில் இடுப்பைத் தொட்ட பின்னல் அவருக்கு இருந்தது. இப்போது முடி தோளோடு நின்றுவிட்டது. ஓரிழையை விரல்களுக்கு இடையே பிடித்தால் சிலந்தி நூலைப் போல இருக்கிறது. இந்த ஆண்டு திஞ்சான் முடிந்த புத்தாண்டு நாளில், எங்கள் தெருவின் பர்மியப் பிள்ளைகள் வழக்கம்போல் முதியவர்களுக்குத் தலை கழுவிவிட வந்தார்கள். தயோ பட்டையும் கின்பூனும் சேர்ந்த நீரால் அவர்கள் அம்மாவுக்குக் கழுவியபோது ஒரு கைப்பிடி முடி விரல்களோடு வந்ததைக் கண்டு அம்மா அழுதுவிட்டார். அந்தப் பிள்ளைகளும் கலங்கிப் போனார்கள்.

மற்ற நாள்களில் நான்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளியல் சோப்பால் தலையைக் கழுவி, ஈரத்தோடு சிக்கெடுத்து, ரப்பர் பாண்டு போட்டுக் கொண்டையாக முடிகிறேன். இரவில் தலை முழுவதும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். உச்சியில் செதில் செதிலாக உரிகிறது. எந்த எண்ணெய்க்கு மாறினால் முடி மீண்டும் வளரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – தட்டோனில் வாழும் ஒரு பெரியம்மா

மகளே, எண்ணெயை மாற்றாதே, தேங்காய் எண்ணெயே போதும். என் மாமியார் 90 வயது வரை அதைத்தான் தடவினார். இறுக்கமான கொண்டையை மட்டும் விட்டுவிடு, அது முடியை அறுக்கும். ஒருமுறை மொட்டை அடித்துவிட்டால் முளைப்பது தடிப்பாக முளைக்கும். வேண்டுதலாகச் செய்தால் அம்மாவும் மறுக்க மாட்டார்.

பதில் – பெகுவிலிருந்து ஒரு வாசகர்

என் தகப்பனாருக்குக் கடும் டெங்குக் காய்ச்சல் வந்து, சரியாக மூன்று மாதம் கழித்துத் தலை முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மருந்து எதுவும் போடாமலே ஆறேழு மாதத்தில் திரும்ப முளைத்துவிட்டது. உங்கள் தாயாருக்கும் நிச்சயமாகக் காய்ச்சல்தான் காரணம். என் தகப்பனாருடைய முன்வழுக்கைக்கு மினாக்ஸிடில் மருந்து போடலாமா என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் – மோல்மீன், முதியோர் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலி

அம்மா, எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், முடி வளராமல் நிற்கிறதா, வேரோடு உதிர்கிறதா, நடுவில் உடைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூன்றுக்கும் தோற்றம் ஒன்றுதான், வழி வேறு. வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். உங்கள் தாயார் தலைச்சாயம் இடுபவரானால், கடைசியாகச் சாயம் இட்ட நாளையும், இன்று வேரிலிருந்து வெள்ளை எவ்வளவு நீளம் வந்திருக்கிறது என்பதையும் குறித்துச் சொல்லுங்கள். அடுத்து, ஒரு நாள் முழுவதும் சீப்பிலும் தலையணையிலும் சேரும் முடியை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றின் முனையையும் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் மழுங்கியிருந்தால் உடைந்த துண்டு.

தட்டோன் அக்கா கொண்டையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. மொட்டை விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. முடியின் பருமனைத் தீர்மானிக்கும் குழி தோலுக்குள் இருக்கிறது, கத்தி அங்கே போவதே இல்லை. மழித்தபின் கூர்மையற்ற முனை முதலில் வெளியே வருவதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது. 78 வயதில் மழித்தால் பழைய நீளம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும், உங்கள் தாயார் இன்னொரு முறை அழுவார்.

கேள்வி கேட்டவர்

சொன்னபடியே செய்தேன். தைப் பொங்கலன்று சாயம் இட்டோம். இன்று மே 1. வகிட்டிலும் காதருகிலும் அளந்தபோது வெள்ளைப் பகுதி 2.8 சென்டிமீட்டர் இருந்தது. துணியில் சேர்ந்தவை 61 முடிகள். அவற்றில் 23 மட்டுமே குமிழ் உள்ளவை. மீதி 38 துண்டுகளும் 3 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுள்ளவை, ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. பிடரியில் ரப்பர் பாண்டு படும் உயரத்தில் முடி துடைப்பக் குச்சி போல் குட்டையாக நிற்பதையும் இப்போதுதான் கவனித்தேன். பிப்ரவரியில் ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – மோல்மீன் செவிலி

இவ்வளவு பொறுமையாக எண்ணிப் பார்த்ததற்கு நன்றி அம்மா. மூன்றரை மாதத்தில் 2.8 சென்டிமீட்டர் என்றால் மாதத்துக்கு 8 மில்லிமீட்டர். இளமையில் மாதத்துக்கு 1 சென்டிமீட்டர், சிலருக்குச் சற்று அதிகமாகவும் வளரும். ஆகவே உங்கள் தாயாரின் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக வளர்கிறது. அதனுடன் இன்னொன்றும் சேர்கிறது: ஒரு முடி தொடர்ந்து வளரும் காலம் வயதோடு சுருங்குகிறது. கணக்குக்காகச் சொல்கிறேன்: மாதம் 1 சென்டிமீட்டர் வீதம் ஆறு ஆண்டு வளர்ந்த முடி 72 சென்டிமீட்டர் நீளும், அதுதான் அந்த இடுப்புப் பின்னல். மாதம் 8 மில்லிமீட்டர் வீதம் மூன்றே ஆண்டு வளர்ந்து உதிரும் முடி 29 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. உச்சந்தலையிலிருந்து தொங்கவிட்டால் தோளருகே நின்றுவிடும். இந்தப் பகுதியை எந்த எண்ணெயும் மாற்றாது. இதை அம்மாவிடம் மென்மையாக, ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது அந்த 38 துண்டுகள். அவை கறுப்பாக இருப்பதால் வேருக்கு அருகில் உடையவில்லை, பொங்கலுக்கு முன்பே வளர்ந்த பழைய பகுதியில் உடைந்திருக்கின்றன. பிடரியில் உள்ள குட்டை முடி இடத்தையும் காட்டிவிட்டது. மெலிந்த முடி ஈரமாக இருக்கும்போது அதிகம் இழுபடும், எளிதில் அறும். நீங்கள் அந்த நேரத்தில்தான் சீப்பை இழுக்கிறீர்கள். குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது. முடியின் மேற்செதில்களை உயர்த்தி ஒன்றோடொன்று உரச வைக்கும். கிணற்று நீர் கடினமாக இருந்தால் சோப்பின் வெண்படிவமும் மேலே ஒட்டிக்கொள்ளும்.

நான் பராமரித்த பாட்டிமார்களுக்குச் செய்ததைச் சொல்கிறேன். தலை கழுவுவதற்கு முன்பே, உலர்ந்த முடியில், அகலப் பல் மரச்சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். ஒரு கையால் முடியை நடுவில் இறுகப் பற்றிக்கொண்டால் வேரில் இழுப்பு படாது. கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைக் காதுக்குக் கீழுள்ள நீளத்தில் மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிக் கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான், வளர்க்காது. செதில் உரியும் உச்சியில் இரவு முழுவதும் எண்ணெய் இருந்தால், அங்கே வாழும் நுண்பூஞ்சைக்கு அது தீனியாகிச் செதில் கூடும். அந்த இடத்தை எண்ணெயின்றி விடுங்கள்.

கழுவுவது வாரம் இரண்டு முறை போதும். கின்பூன் வேறொன்றும் இல்லை, நம் சீயக்காய்தான். கடையில் பையில் விற்கும் நீரானாலும், வீட்டில் காய்ச்சினாலும், மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், துகள் இருந்தால் முதிய தோலைக் கீறும். அதைத் தலைத்தோலில் மட்டும் விரல் சதையால் தேயுங்கள். தயோ பட்டையின் வழுவழுப்பான சாற்றைக் கடைசியில் நீளத்தில் ஊற்றினால் இழைகள் வழுக்கிப் பிரியும். திஞ்சான் நாளில் அந்தப் பிள்ளைகள் கொண்டு வந்தது நல்ல பொருள்தான், முன்பே சிக்கெடுக்காததால் கையோடு வந்தது. கின்பூன் நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஆகையால் நெற்றியில் மடித்த துணியைக் கட்டுங்கள்.

தாயாரைக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துத் தொட்டியில் படுக்க வைக்காதீர்கள். முதிய வயதில் அந்த நிலை கழுத்து வழியே மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை நெருக்கக்கூடும். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, சற்று முன்னே குனியச் செய்து, குவளையால் ஊற்றுங்கள். பிறகு பழைய மெல்லிய லுங்கித் துணியால் ஒற்றி எடுங்கள், கசக்கித் துடைக்காதீர்கள். முக்கால்வாசி உலர்ந்தபின் தளர்வான பின்னல், நுனியில் துணி நாடா. ரப்பர் பாண்டு இனி வீட்டிலேயே வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சீப்புப் படும்போது தலைத்தோல் வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை நோகிறது, பார்வை மங்குகிறது என்று தாயார் எப்போதாவது சொன்னால், அது முடிப் பிரச்சினை அல்ல. இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பதில் – பெகு வாசகர்

பிப்ரவரியில் காய்ச்சல் வந்ததை அவர்களே சொல்கிறார்களே, மூன்று மாதக் கணக்கு மே மாதத்தில் பொருந்துகிறது. அதை எப்படித் தள்ளிவிடுகிறீர்கள்?

பதில் – மோல்மீன் செவிலி

தள்ளிவிடவில்லை ஐயா. குமிழ் உள்ளவை 23 மட்டும்தான். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஆனால் மெலிந்த தலையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, உதிர்வு இனிமேலும் கூடலாம். ஆகவே மே கடைசியில் இன்னொரு முறை எண்ணட்டும். குமிழ் முடி கூடியிருந்தால் உங்கள் கூற்றே சரி. அப்போது இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. உங்கள் தகப்பனாரின் முன்வழுக்கை வேறு கதை. மினாக்ஸிடில் முதல் சில வாரங்களில் உதிர்வைக் கூட்டும், பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவரானால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று ஜூன் 3. ஐந்து வாரமாக ரப்பர் பாண்டும் சோப்பும் இல்லை. மே 31 அன்று எண்ணியபோது உடைந்த துண்டுகள் 9, குமிழ் உள்ளவை 41. பெகு அண்ணன் சொன்னதும் ஓரளவு உண்மை போலிருக்கிறது. அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். உச்சியில் செதில் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் வகிடு அகன்றே இருக்கிறது. நீளத்தைப் பற்றிய கணக்கை அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நுனியில் பிளந்திருப்பதை இரண்டு விரல் அளவு வெட்டிவிடச் சொன்னார், நேற்று வெட்டிவிட்டேன்.