கேப் டவுன் நாலு நாளாக நிரம்பவில்லை, என்ன செய்யலாம்?

புதுவரவு_வேலு: அவசரம். திங்கள் காலை ஒரு பங்கு கேப் டவுனில், அதாவது வெள்ளி குளோஸுக்குக் கீழே இடைவெளி விட்டுத் திறந்தது. எப்படியும் விலை ஏறி அந்த இடைவெளி ஃபில் ஆகும் என்று 9:15க்கே 402.50 விலையில் 200 பங்கு வாங்கிவிட்டேன். இன்று வியாழன், 404ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வைக்கவா, விற்கவா?

கொங்குக்காரன்: வெள்ளிக்கிழமை குளோஸ் எவ்வளவு? ரிசல்ட் ஏதும் வந்ததா? வால்யூம்?

மாமா_ட்ரேடர்: கேப் என்றால் நிரம்பியே தீரும் தம்பி. 2024 ஜூன் 3, எக்ஸிட் போல் வேகத்தில் நிஃப்டி 22,530லிருந்து 23,300க்கு மேல் போய்த் திறந்தது. மறுநாள் ஓட்டு எண்ணிக்கை, 21,900க்குக் கீழே முடிந்தது. பொறுமையாக இரு.

கறார்_கணக்கு: ஒரே நாளைக் காட்டி விதி எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது வெறும் எதிர்பார்ப்பில் ஏறிய கேப், எதிர்பார்ப்பு பொய்த்ததும் கரைந்தது. செய்தியே இல்லாமல், முந்தைய நாளின் ஹை லோவுக்குள்ளேயே திறக்கும் சின்ன கேப்தான் பெரும்பாலும் அன்றைக்கே நிரம்பும். ரிசல்ட் வந்து, பல வார ரேஞ்சை உடைத்து, வால்யூமோடு திறந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

புதுவரவு_வேலு: குளோஸ் 412. ரிசல்ட் எல்லாம் இல்லை. இன்னொரு குழப்பம், ஃபோன் சார்ட்டில் கேப் தெரிகிறது, லேப்டாப்பில் வேறு தளத்தில் பார்த்தால் கேப்பே இல்லை.

கறார்_கணக்கு: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? திங்கள் டிவிடெண்டுக்கான எக்ஸ் டேட்தானா என்று பாருங்கள்.

புதுவரவு_வேலு: ஆமாம், 10 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட். வாங்கிவிட்டேனே, எனக்கும் வரும்தானே?

கறார்_கணக்கு: வராது. எக்ஸ் டேட் அன்று வாங்கினால் டிவிடெண்ட் விற்றவருக்குத்தான். 412ல் 10 போனால் 402. பங்கு திறந்தது 402.50, அதாவது உண்மையில் ஐம்பது பைசா கேப் அப். நிரம்ப அங்கே எதுவுமே இல்லை. லேப்டாப் சார்ட் டிவிடெண்டைக் கழித்துக் காட்டுகிறது, ஃபோன் சார்ட் கழிக்கவில்லை.

மதுரை_ஸ்கால்பர்: எனக்கும் இப்படித்தான், கேப் அப் பார்த்து ஷார்ட் அடித்தேன், 9:20க்கு ஸ்டாப்லாஸ் காலி.

கொங்குக்காரன்: அது வேறு கதை அண்ணே. சரி, ஃபில் என்பது குளோஸைத் தொடுவதா, முந்தைய நாள் லோவைத் தொடுவதா?

மாமா_ட்ரேடர்: குளோஸ்தான், இதில் என்ன சந்தேகம்.

கறார்_கணக்கு: எந்த குளோஸ்? என்எஸ்இ அறிவிப்பது கடைசி அரை மணி நேர சராசரி, 3:30க்குக் கடைசியாக நடந்த விலை அல்ல. இரண்டுக்கும் இரண்டு ரூபாய் வித்தியாசம் இருந்தால் காலையில் இல்லாத கேப் இருப்பதாகத் தெரியும்.

மாமா_ட்ரேடர்: இருபது வருடமாக சார்ட் பார்க்கிறேன், எனக்கே பாடமா?

புதுவரவு_வேலு: 404க்கு விற்றுவிட்டேன். 300 ரூபாய் லாபம், எஸ்டிடி வரி எல்லாம் போக நூறு சொச்சம். நன்றி.

கொங்குக்காரன்: லோவா குளோஸா, யாராவது முடிவு சொல்லுங்கப்பா.