‘அக்கவுன்டபிள்’ : திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். திங்கள் புதுக் கிளையன்டோடு முதல் மீட்டிங். சிறு தேயிலைத் தோட்டக்காரர் சங்கம். கொழுந்து நிறுவையைப் போனில் பதியும் மென்பொருள் கேட்கிறார்கள். யார் எதைச் செய்வது என்ற சிலைடில் மாட்டிக்கொண்டேன். வேலையைச் செய்பவர் ‘ரெஸ்பான்சிபிள்’. பிழைத்தால் ஏனென்று சொல்ல வேண்டியவர் ‘அக்கவுன்டபிள்’. தமிழில் இரண்டும் ‘பொறுப்பு’ ஆகிவிடுகிறது. போன வருஷம் வேறொரு வேலையில் அப்படியே போட்டேன். பழைய பதிவைச் சரிபார்க்க இரண்டு பேர் ‘பொறுப்பு’. மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் இருந்தது மூன்று கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொழும்பிலிருந்து:
‘பொறுப்புக்கூறல்’ இருக்கிறதே, தம்பி. அரச ஆவணங்களில் பழகிய சொல்.

ஹட்டன்:
அக்கா, அதைக் கேட்டால் நம் ஆட்களுக்கு ஜெனிவா மனித உரிமைத் தீர்மானம்தான் ஞாபகம் வரும்.

பண்டாரவளையிலிருந்து:
‘பொறு’ என்றால் தாங்கு. அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை நினைக்கவும். ஆகவே செய்பவர் ‘பொறுநர்’, பதில் தருபவர் ‘விடைநர்’. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்று வள்ளுவர் அட்டவணையே போட்டுவிட்டார்.

நுவரெலியாவிலிருந்து:
எதற்கு இவ்வளவு பாடு? கங்காணி, கணக்கப்பிள்ளை என்று போடுங்கள், எல்லாருக்கும் விளங்கும்.

ஹட்டன்:
விளங்கும்தான். எங்கம்மாவுக்கு அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டவரும் கணக்கப்பிள்ளைதான். அந்தப் பெயரை சிலைடில் ஏற்ற மாட்டேன். ஐயா, குறள் செய்பவனோடு நின்றுவிடுகிறது. அவன் முடிக்காவிட்டால் யாரைக் கேட்பது?

கண்டியிலிருந்து:
‘செய்பவர்’, ‘பதில் சொல்பவர்’. போதும். சொல்லைவிட ஆளைப் பாருங்கள். செய்பவர் பலராகலாம், பதில் சொல்பவர் வரிசைக்கு ஒருவர்தான். மீட்டிங்கிலேயே ஒவ்வொரு வரிசைக்கும் “இது பிழைத்தால் யாருக்குக் கோல் எடுக்கிறது?” என்று கேளுங்கள். “சங்கத்துக்கு” என்றால் அந்தக் கட்டம் இன்னும் காலி.

வேலை எல்லையை மாற்றும் வரிசையில் அவர்கள் பக்கத்து ஆளின் பெயர் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டாம் மாதம் யாராவது வாட்ஸ்அப்பில் “சம்பளக் கணக்கையும் சேருங்க” என்பார், உங்கள் பையன் செய்து கொடுத்துவிடுவான். வாட்ஸ்அப்பில் பேசலாம், அந்த ஒருவர் மின்னஞ்சலில் சம்மதித்தால்தான் மாற்றம், அதுவும் கூடுதல் நாளும் காசும் பார்த்தபிறகு. இதையும் அதே சிலைடில் எழுதுங்கள். அவருக்கு முடிவெடுக்க அதிகாரம் உண்டா என்றும் கேளுங்கள். செயலாளர் மாதக் கூட்டத்தில் கேட்டுத்தான் சொல்வார் என்றால், ஒரு முடிவுக்கு ஒரு மாதம் வரை போகும். அட்டவணையில் அந்த நாட்களை விடுங்கள்.

நுவரெலியா:
எங்கள் மாதர் சங்கத்தில் செயலாளரே இல்லை, அதற்கு என்ன செய்வது?

பண்டாரவளை:
‘பதில் சொல்பவர்’ ஆளைக் குறிக்கும். பண்பை எப்படிச் சொல்வீர்கள்? ‘பதில்சொல்பவர்மை’யா? ‘விடைமை’ எவ்வளவு நன்றாக விழுகிறது!

கொழும்பு:
பண்புக்குப் ‘பொறுப்புக்கூறல்’தான், ஐயா. சுற்றி அங்கேயே வருகிறோம்.

ஹட்டன்:
திங்களுக்கு ‘பதில் சொல்பவர்’ போட்டுவிட்டேன். தலைவருக்குக் கோல் எடுத்துப் பெயர் கேட்டேன். “எல்லாரும்தான் தம்பி” என்றார்.