பிஎம்ஐ 24.4: ரிப்போர்ட்டை நம்பவா, ஆப்பை நம்பவா?

பாளை கணேசன்:
ஆபீஸ் செக்கப்பில் உயரம் 168 செ.மீ., எடை 69 கிலோ, பிஎம்ஐ 24.4. ரிப்போர்ட்டில் 'அதிக எடை' என்று போட்டிருக்கிறது, போனில் உள்ள ஆப் 'நார்மல்' என்கிறது. எதை நம்ப?

அம்பை செல்வம்:
ஆப்தான் சரி. 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவே அதுதான். அந்த ரிப்போர்ட் மாதிரி நமக்கு மட்டும் அதிக எடைக் கோட்டை 23-க்கு இறக்கினால் நல்லா இருக்கிற ஆட்களெல்லாம் ஒரே ராத்திரியில் நோயாளி ஆகிவிடுவார்கள். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிற லோடுமேனை நிறுத்திப் பாருங்கள், 26 காட்டும். அவருக்கு எங்கே கொழுப்பு?

ராபியா, டயட்டீஷியன்:
செல்வம் அண்ணாச்சி சொல்வது பாதி சரி. அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் 25, 30 இரண்டையும் மாற்றவில்லை. ஆனால் ஆசியர்களுக்கு 23-லும் 27.5-லும் கவனிக்கத் தொடங்கலாம் என்று கூடவே சேர்த்தது. நம் நாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசி 2009-ல் வெளியிட்ட வரையறையில் 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன் என்று வைத்தார்கள். கணேசன் அண்ணனின் ரிப்போர்ட் அந்தக் கணக்கு, ஆப் உலகக் கணக்கு.

காரணம் இதுதான். எடை மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்று. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய்ச் சேருகிறது. சாப்பிட்ட சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டியது தசை, அதுவே குறைவாக இருந்தால் இன்சுலின் எவ்வளவு சுரந்தும் போதாது. லோடுமேனுக்குத் தசை இருக்கிறது, அதனால் அவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவருக்கு அது பொருந்தாது.

செல்வம்:
ரெண்டு பேரை வைத்து ஊருக்கே கோடு போடுவதா? 2011-ல் ஆசியா முழுக்கப் பெரிய ஆய்வு வந்ததே, அதில் இந்தியா, வங்கதேச ஆட்களுக்கு பிஎம்ஐ கூடியதால் சாவு கூடவில்லை. 20-க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் கூடியது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ராபியா:
அந்த முடிவு உண்மை, நான் மறுக்கவில்லை. சாவை வைத்துக் கணக்குப் போட்டால் கோடு ஓரிடத்தில் விழும், சர்க்கரை நோயை வைத்துப் போட்டால் வேறிடத்தில் விழும். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 15 லட்சம் பேரை வைத்து 2021-ல் பார்த்ததில், வெள்ளையர்களுக்கு 30-ல் வருகிற சர்க்கரை ஆபத்து தெற்காசியர்களுக்கு 23.9-லேயே வந்துவிட்டது. 23 என்பது சாவுக்கான கோடு இல்லை அண்ணாச்சி, ரத்தத்தைப் பார்க்கச் சொல்லும் கோடு.

ஆலங்குளம் சுந்தரி:
என் மகனுக்கு 10 வயசு, பிஎம்ஐ 22. 23-க்குக் கீழேதானே, அப்போ நல்லதுதான் இல்லையா?

ராபியா:
இல்லக்கா. இந்த அளவெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வயசுக்கேற்ற தனி அட்டவணை உண்டு, 10 வயசுக்கு 22 அதிகம். குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கணேசன் அண்ணன், ஒரு டேப் எடுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பாருங்கள், வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். பேண்ட் சைஸைச் சொன்னால் செல்லாது, பேண்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்.

கணேசன்:
பேண்ட் 34 இன்ச்தான், டேப்பில் 96 செ.மீ. வருகிறது.

ராபியா:
நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 வரைதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு மூன்றும் பாருங்கள், ரத்த அழுத்தமும். எடையில் மூன்று, மூன்றரை கிலோ குறைந்தாலே வயிற்றில் வித்தியாசம் தெரியும். ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் இருக்கிற தசையும் போய்விடும், பருப்பு, முட்டை, மீனோடு உடலுக்கு வேலையும் கொடுக்க வேண்டும்.

செல்வம்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். விஷயத்தைச் சொன்னது டேப், 23 இல்லை. நேரே டேப்பை எடுக்க வேண்டியதுதானே? 2025-ல் திருத்தின இந்திய வரையறையில் 23-ஐத் தாண்டினாலே பருமன் முதல் நிலை என்று பெயர் வைத்துவிட்டார்களே, அது நியாயமா?

ராபியா:
அதே வரையறையில் வயிற்றுச் சுற்றளவும் கூடி, அதோடு எடையால் வந்த நோயோ உடல் சிரமமோ சேர்ந்தால்தான் இரண்டாம் நிலை. முதல் நிலைக்கு அந்தப் பெயர் வேண்டுமா என்பதில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் முகாமில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எடையும் உயரமும்தான் தப்பில்லாமல் எடுக்க முடிகிறது, டேப்பை ஆளுக்கொரு இடத்தில் வைக்கிறார்கள்.

செல்வம்:
டேப் பிடிக்கப் பழக்கினால் போச்சு. கணேசன், ரத்த ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.