வால்வைப் பாதி மூடி ஓட்டும் பம்ப்: டிரைவ் போட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

பீன்யா பிட்டர்
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். தரையில் இருக்கும் சம்ப்பிலிருந்து நான்கு மாடிக்கு மேலே மொட்டை மாடியில் இருக்கும் கூலிங் டவருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஒன்று, 25 எச்பி. பெயர்ப்பலகையில் மணிக்கு 100 கன மீட்டர், 40 மீட்டர் ஹெட், அதாவது தள்ளும் உயரம், என்று இருக்கிறது. இரண்டு மெஷின்களை ஓசூர் யூனிட்டுக்கு அனுப்பிய பிறகு எங்களுக்கு 70 போதும். அதனால் டெலிவரி வால்வைத் திருகி 70-க்குக் கொண்டுவந்து அப்படியே விட்டுவிட்டோம். வால்வு முழுக்கத் திறந்திருந்தபோது 16 கிலோவாட் இழுத்தது, இப்போது 13.7.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் விற்க வந்தவர் கணக்கு இது: ஓட்டம் 70 சதவீதம், அதனால் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 35 ஹெர்ட்ஸ். மின்சாரம் வேகத்தின் மும்மடிக்குப் போகும், 16 கிலோவாட் 5.5 ஆகிவிடும், 10 கிலோவாட்டுக்கு மேல் மிச்சம். கொட்டேஷன் 1.6 லட்சம். மேனேஜருக்கு இப்போதே பணம் கைக்கு வந்த மாதிரி சந்தோஷம். எனக்கு எங்கேயோ இடிக்கிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

ரீவைண்டிங் ராஜாஜிநகர்
தம்பி, சென்ட்ரிபியூகல் பம்ப்பில் வால்வை மூடினால் ஆம்ப்ஸ் குறையும், ஏறாது. 30 வருஷமாக மோட்டார் சுற்றுகிறேன், எத்தனை பம்ப்பில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்திருப்பேன்! மோட்டாருக்குச் சுமையே குறைந்துவிட்டது, அப்புறம் வால்வில் என்ன நஷ்டம்? 1.6 லட்சத்தை பேங்கில் போடச் சொல்லுங்கள்.

பீன்யா பிட்டர்
குறைகிறது அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் 30 சதவீதம் குறைந்தபோது மின்சாரம் 14 சதவீதம்தானே குறைந்தது?

பம்ப் ரூம்
இருவரும் ஒரே பம்ப்பின் இரண்டு பக்கத்தைச் சொல்கிறீர்கள். கணக்குக்கு முன் நான்கு ரீடிங் வேண்டும். ஓடும்போது வால்வுக்கு முன்னால் பிரஷர் எத்தனை கிலோ, பின்னால் எத்தனை கிலோ? பம்ப்பை நிறுத்தியதும் பின்னால் இருக்கும் கேஜ் எங்கே நிற்கிறது? நான்காவதாக, ஓடும்போது வால்வை முழுக்க மூடி அரை நிமிஷம் மட்டும் முன் கேஜைப் பாருங்கள். அதற்கு மேல் விடாதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகும்.

அந்தேரி ஏசி பிளான்ட்
மும்பையிலிருந்து. எங்கள் ஆபீஸ் கட்டிடத்தில் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீரைச் சுற்றவிடும் சில்ட் வாட்டர் பம்ப்புக்கு டிரைவ் போட்டோம், கிட்டத்தட்ட மும்மடிக் கணக்குப்படியே குறைந்தது. வந்தவர் பொய் சொல்லவில்லை, தைரியமாக வாங்குங்கள்.

பீன்யா பிட்டர்
ரீடிங் எடுத்துவிட்டேன். முன்னால் 4.5 கிலோ, பின்னால் 3. நிறுத்தியதும் பின் கேஜ் 2-இல் நின்றது, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்ஆர்வி நன்றாகப் பிடிக்கிறது. முழுக்க மூடினால் முன்னால் 5.

பம்ப் ரூம்
நல்ல ரீடிங். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீர். பம்ப் 45 மீட்டருக்குத் தள்ளுகிறது, உங்கள் குழாய்க்கு 30 போதும். மீதி 15 மீட்டரை வால்வு தின்கிறது. மணிக்கு 70 கன மீட்டரை 15 மீட்டரால் பெருக்கி, கிலோவாட்டாக மாற்ற 367-ஆல் வகுத்தால் 2.9 கிலோவாட். இது தண்ணீரில் இருக்கும் சக்தி. பம்ப் 70 சதவீதத் திறன், மோட்டார் 90 என்று வைத்தால் மீட்டரில் 4.6 கிலோவாட். ராஜாஜிநகர் அண்ணா, நஷ்டம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆம்ப்ஸ் குறைவதால் அது கண்ணில் படுவதில்லை.

அடுத்து அந்த 2 கிலோ. அது மாடி உயரம். பம்ப் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அந்த 20 மீட்டர் குறையாது. அந்தேரி நண்பர் சொல்வது மூடிய சுற்று. மேலே ஏறிய தண்ணீர் இறங்கும்போது அதே எடையைத் திருப்பிக் கொடுத்துவிடும், மீதி உராய்வு மட்டும்தான். அதனால் அவருக்கு மும்மடி வந்தது. உங்கள் தண்ணீர் டவரில் காற்றுக்குத் திறந்து விழுகிறது.

பிரஷர் வேகத்தின் இருமடிக்குப் போகும், அதனால் 35 ஹெர்ட்ஸில் உங்கள் பம்ப்பின் 5 கிலோ 2.45 ஆகிவிடும். மாடிக்கே 2 போய்விட்டால் மிச்சம் 0.45தான். நான் போட்ட கணக்கில் மணிக்கு 39 கன மீட்டர்தான் ஏறும், 70 ஏறாது. 31.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சொட்டுகூட மேலே போகாது, பம்ப் சும்மா சுற்றித் தண்ணீரைச் சூடாக்கும்.

வால்வை முழுக்கத் திறந்து 70 வேண்டுமென்றால் 41 அல்லது 42 ஹெர்ட்ஸ். டிரைவின் சொந்த நஷ்டத்தையும் சேர்த்தால் மீட்டரில் 8.9 கிலோவாட் பக்கம் வரும். 13.7-இலிருந்து மிச்சம் 4.8. அவர் ஒப்பிட்டது 16-உடன். நீங்கள் ஏற்கெனவே 13.7-இல் இருக்கிறீர்களே!

ஒயிட்ஃபீல்ட் அசோசியேஷன்
இந்த 31 ஹெர்ட்ஸ் கதை எங்கள் அபார்ட்மென்டில் நடந்தது. போன வருஷம் டிரைவ் போட்டவர் குறைந்தபட்சம் 25 என்று வைத்துவிட்டுப் போனார். ராத்திரியில் பம்ப் ஓடுகிறது, மேல் டேங்குக்குத் தண்ணீர் வரவில்லை, பம்ப் பாடியைத் தொட்டால் சுடுகிறது. இரண்டு வாரம் மோட்டாரைத் திட்டினோம். சரி, இதையே போர்வெல் மோட்டாருக்குப் போட்டால் டேங்கர் செலவு குறையுமா?

பம்ப் ரூம்
சார், அது வேறு கேள்வி. டிரைவ் மின்சாரத்தைத்தான் குறைக்கும், தண்ணீரைக் கொண்டுவராது. தனியாக ஒரு இழை போடுங்கள், பேசலாம்.

பீன்யா தம்பி, வருஷம் 6,000 மணி நேரம் ஓடினால் 28,800 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2.3 லட்சம். அவர் சொன்னதில் பாதிகூட இல்லை, ஆனாலும் ஒன்பது மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த 70 எப்போதும் 70தானா? அப்படியென்றால் டிரைவே வேண்டாம். பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை லேத்தில் கடைந்து விட்டம் குறைத்தால் கிட்டத்தட்ட இதே மிச்சம், செலவு சில ஆயிரம். ஒரே மூச்சில் கடைந்துவிடாதீர்கள், கணக்கு சொல்வதைவிட ஹெட் அதிகமாகவே இறங்கும். 250 மில்லிமீட்டர் என்றால் 225-க்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த வெட்டு.

ரீவைண்டிங் ராஜாஜிநகர்
இது நல்ல யோசனை. நானும் இரண்டு பம்ப்புக்குக் கடைந்து கொடுத்திருக்கிறேன். 4.6 கிலோவாட் விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, டிரைவ் போட்ட இடங்களில் பாதி பேர் பழைய வால்வைத் திறக்க மறந்துவிடுகிறார்கள். போன மாதம்கூடப் பார்த்தேன், 45 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, வால்வு பாதி மூடியே இருக்கிறது.

பீன்யா பிட்டர்
ராத்திரி ஷிப்டில் 50-கூடப் போதும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார், ஆனால் அளந்ததில்லை. அனுப்பிய மெஷின்கள் தீபாவளிக்குப் பிறகு திரும்பி வரலாம் என்று புரொடக்ஷனில் பேச்சு. வந்தால் கடைந்த இம்பெல்லர் போதாது.

பம்ப் ரூம்
அப்படியென்றால் டிரைவ் பக்கம் சாய்கிறேன். ஆனால் 50-க்கு இறக்கும் முன் டவர் நாசில்கள் அந்த ஓட்டத்தில் ஒழுங்காகத் தெளிக்கின்றனவா என்று மேலே ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்து கிடந்தால் மிச்சம் பிடித்த மின்சாரத்தை மோல்டிங் சைக்கிளில் கொடுத்துவிடுவீர்கள். எவ்வளவு வரை தாங்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

பீன்யா பிட்டர்
விற்பவரிடம் 42 ஹெர்ட்ஸ் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு வாரம் டிரைவ் கொண்டுவந்து மாட்டி, ஆம்ப்ஸ் எவ்வளவு குறைகிறது என்று கிளாம்ப் மீட்டரில் காட்டுகிறேன் என்கிறார்.

பம்ப் ரூம்
மாட்டட்டும். ஆனால் ஆம்ப்ஸை வைத்து ஒப்பிட விடாதீர்கள். டிரைவ் மாட்டினால் அதற்குப் போகும் லைனில் பவர் ஃபேக்டர் மாறிவிடும், அதனால் நிஜ மிச்சத்தைவிட ஆம்ப்ஸ் கூடுதலாகக் குறைந்ததாகக் காட்டலாம். டிரைவுக்குப் போகும் லைனில் யூனிட் மீட்டர் வைத்து, ஒரு நாள் வால்வில், ஒரு நாள் டிரைவில் என்று மாறி மாறி ஓட்டி, இரண்டு நாளும் ஓட்டம் 70-தானா என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.

பீன்யா பிட்டர்
திங்கட்கிழமை மாட்டுகிறார். ரீடிங்கை இங்கேயே போடுகிறேன்.