படத்தில் வரும் பேலன்ஸ் ஷீட் கணக்கு: உங்கள் அனுபவம்?

வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். நேற்றைய மாதிரித் தேர்வில் பேலன்ஸ் ஷீட் படம் ஒன்று வந்தது. லட்ச ரூபாயில் மூலதனம் 40, ரிசர்வ் 20, டேர்ம் லோன் 30, கேஷ் கிரெடிட் 24, கடன் ஈந்தோர் 16. எதிர்ப்பக்கம் நிலையான சொத்து 70, சரக்கு 32, கடனாளிகள் 22, ரொக்கம் 6. கரண்ட் ரேஷியோ கேட்டிருந்தார்கள். நடப்புச் சொத்து 60-ஐ நடப்புப் பொறுப்பு 40-ஆல் வகுத்தால் 1.5. ஆனால் படத்தின் அடியில் பொடி எழுத்தில், டேர்ம் லோனில் 6 லட்சம் ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது என்று இருந்தது. விடைகளில் 1.5, 1.30 இரண்டுமே இருந்தன. நான் 1.30 போட்டேன். உங்களுக்கும் இப்படி வந்திருக்கிறதா?

—

பிளஸ் டூ ஆசிரியை: எங்கள் பிள்ளைகளுக்கு 2:1 இருந்தால் நல்லது என்றுதான் சொல்லித்தருகிறோம். அப்படிப் பார்த்தால் 1.5, 1.30 இரண்டுமே குறைவுதானே? அப்புறம், கேஷ் கிரெடிட்டை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். அதை ஏன் நடப்புப் பொறுப்பில் சேர்க்க வேண்டும்?

—

ஓய்வுபெற்ற கடன் பிரிவு அதிகாரி: புதுப்பிப்பது உண்மைதான் டீச்சர். ஆனால் வங்கி எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டிய கடன் அது, அதனால் நடப்புப் பொறுப்புதான். நாங்கள் பார்த்தது 2 அல்ல, 1.33. வங்கிகள் தொழிலுக்குக் கடன் தருவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழுவின் இரண்டாம் முறையில் நடப்புச் சொத்தில் கால் பங்கை நீண்டகாலப் பணத்திலிருந்து போடச் சொன்னார்கள், அதிலிருந்து வந்த எண் இது. தம்பி சொன்ன கணக்கில் தவணை 6-ஐச் சேர்த்ததும் பொறுப்பு 46 ஆகி, விகிதம் 1.33-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கம்பெனிக் கணக்கில் இந்தத் தவணையைக் குறுகியகாலக் கடனிலேயே காட்டிவிடுவார்கள். தனிநபர் தொழில் கணக்கில் மொத்தக் கடனும் ஒரே வரியில் இருக்கும். அங்கே குறிப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

—

ஹார்டுவேர் கடைக்காரர்: என் கடைக் கணக்கிலும் இதே கதைதான். ஒரு வருடத்துக்கு மேல் வராத பாக்கியை வங்கி மேனேஜர் நடப்புச் சொத்திலிருந்து எடுத்துவிட்டார், கடன் லிமிட் ஏறவில்லை. வருகிற பணம்தானே, ஏன் எடுக்க வேண்டும்? இன்றுவரை எனக்கு ஒப்பவில்லை.

—

தேர்வர்: அடுத்த கேள்வி ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான வருவாய். வரிக்கு முந்தைய லாபம் 11, வட்டி 7. வட்டியைத் திரும்பச் சேர்த்து 18 எடுத்தேன். மொத்தச் சொத்து 130-இல் 46-ஐக் கழித்தால் 84, விடை 21.4 சதவீதம். நண்பன் கேஷ் கிரெடிட்டையும் மூலதனம் என்றே எடுத்தான். அவனுக்கு 108, விடை 16.7.

—

ஓய்வுபெற்ற அதிகாரி: வட்டியைச் சேர்த்தது சரி. கடன் கொடுத்தவர் பணமும் கீழே இருக்கும்போது, அவருக்குப் போகும் வட்டி மேலே இருக்கத்தான் வேண்டும். உங்கள் நண்பர் எடுத்ததையும் தவறென்று சொல்ல மாட்டேன், வட்டி தரும் கடன் எல்லாவற்றையும் சேர்ப்பவர்கள் உண்டு. கேள்வியில் வரையறை கொடுத்திருந்தார்களா?

—

தேர்வர்: இல்லை சார். விடைகளில் இரண்டும் இருந்தன. விடைத்தாள் இன்னும் வரவில்லை.